மாப்பிள்ளைக்கு ஒரு ட்ரிப்: ஆளுக்கு இரண்டாயிரத்தில்

கல்யாணத் தேதி குறித்த ஒரு வாரத்துக்குள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "மச்சான் கல்யாணத்துக்கு முன்னாடி கோவா போறோம்டா." உடனே நான்கு கட்டைவிரல்கள், இரண்டு நெருப்பு, ஒரு விமானப் படம். பத்துப் பேர் இருக்கும் குழுவில் மூன்று பேர் படித்துவிட்டு எதுவும் போடாமல் போயிருப்பார்கள். நீல டிக் மட்டும் விழுந்திருக்கும். அந்த மூன்று பேரும் கடைசி வாரத்தில் "ஆபீஸ்ல லீவு தரல", "பாப்பாவுக்குக் காய்ச்சல்", "ஊர்ல ஒரு விசேஷம்" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அவர்கள் பங்கும் சேர்ந்து மற்றவர்கள் தலையில் விழும். ட்ரிப் ரத்தாகும், அல்லது போய்விட்டு வந்தபின் கணக்கில் மனக்கசப்பு வரும்.

பேச்சிலர் பார்ட்டி என்று நாம் சொல்கிற இந்தச் சமாச்சாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் இடத்தால் அல்ல, கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டிய விதத்தில் கேட்காததால்தான். ஒன்று, உன்னால் எவ்வளவு முடியும்? இன்னொன்று, உனக்கு எது வேண்டாம்? இரண்டுமே குழுவில் கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல. பத்துப் பேர் பார்க்க "எனக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேல் முடியாது" என்று எழுத யாருக்கும் கை வராது. "நான் குடிக்கிறதில்ல, குடிக்கிற இடத்தில் ராத்திரி முழுக்க உட்காரவும் பிடிக்காது" என்பதும் அப்படித்தான்.

ஆகவே ஏற்பாட்டை ஒருவர் கையில் எடுக்கவேண்டும். பெரும்பாலும் அது மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகிறவர். அவர் குழுவை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசவேண்டும். போன் இன்னும் நல்லது, எழுத்தில் இல்லாத தயக்கம் குரலில் தெரிந்துவிடும். "மச்சி, ட்ரிப்புக்கு எவ்ளோ வரைக்கும் உனக்குச் சிரமம் இல்லாம இருக்கும்? ஒரு நம்பர் மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இவ்வளவுதான். காரணம் கேட்கக்கூடாது. அவர் சொன்னதும் "அவ்ளோதானா?" என்ற தொனி வரவே கூடாது.

இப்படிக் கேட்டதில் கிடைத்த எண்களை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் கூட்டம். மாப்பிள்ளையைத் தவிர ஏழு பேர். இரண்டு பேர் பள்ளி நண்பர்கள், மூன்று பேர் கல்லூரி, ஒருவர் ஆபீஸ், ஒருவர் மாப்பிள்ளையின் மாமா பையன். அவர்கள் சொன்ன எண்கள்: 2,000, 2,500, 3,000, 3,000, 3,500, 5,000, 5,000. கூட்டினால் 24,000. சராசரி கிட்டத்தட்ட 3,430. பல கூட்டங்கள் இந்தச் சராசரியைத்தான் பட்ஜெட் என்று எடுத்துக்கொள்கின்றன. ஆனால் எண்களை இன்னொரு தரம் பாருங்கள். 3,430 என்று வைத்தால் ஏழு பேரில் நான்கு பேருக்கு அவர்கள் சொன்ன எல்லை தாண்டிவிடுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டுப்படியாகாத தொகைக்குச் சராசரி என்று ஒரு மரியாதையான பெயர், அவ்வளவுதான்.

அடிமட்ட எண்ணான 2,000-ஐயே பொதுச் செலவின் எல்லையாக வைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஐயாயிரம் தரத் தயாராக இருப்பவர் இரண்டாயிரம் ரூபாய் ட்ரிப்பில் எதையும் இழக்கப்போவதில்லை. இரண்டாயிரம் மட்டும் முடிந்தவர் ஐயாயிரம் ரூபாய் ட்ரிப்பில் இரண்டு மாதத்துக்குக் கடன் அட்டைத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அதோடு, இது ஒன்றுதான் செலவு என்றும் நினைத்துவிடக் கூடாது. கல்யாணம் மாப்பிள்ளையின் சொந்த ஊரில் என்றால் அங்கே போய்வரும் செலவு இருக்கிறது. எல்லோரும் ஒரே கலரில் சட்டை வேட்டி என்று யாராவது கிளப்பியிருப்பார்கள். பரிசுக்கு ஒரு வசூல், மண்டப வாசலில் ஃபிளெக்ஸுக்கு இன்னொரு வசூல். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்ததில் வண்டியில் போன இளம்பெண் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் நாம் சாலையோரத்தில் மாப்பிள்ளைக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி நிற்கவைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பணத்தை இந்த ட்ரிப்பில் போட்டால் இரண்டு வேளைச் சாப்பாடு ஆச்சு.

மாப்பிள்ளை தரவேண்டுமா என்றொரு கேள்வி எப்போதும் வரும். 'மாப்பிள்ளை ட்ரீட்' என்று கேட்டு வாங்கிப் பழகிய கூட்டம் நம்முடையது. மண்டப முன்பணம், பட்டு, தாலிக்குப் பவுன், பத்திரிகை என்று கையில் இருந்ததெல்லாம் கரைந்துகொண்டிருக்கும் நேரம் அவருக்கு. ஏழு பேர் இரண்டாயிரம் போட்டால் 14,000. அதில் எட்டுப் பேர் போய்வரலாம், தலைக்கு 1,750 விழுகிறது. மாப்பிள்ளையைச் சும்மா அழைத்துப்போக ஒவ்வொருவரும் கூடுதலாகத் தருவது வெறும் 250 ரூபாய். இதற்காக அவரிடம் ஜிபே நம்பர் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, எது வேண்டாம் என்பது. இதை முதலில் மாப்பிள்ளையிடம் கேட்கவேண்டும். அவருக்கு இடத்தை ரகசியமாக வைக்கலாம், அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யார் யார் வருகிறார்கள் என்பதையும் எதெல்லாம் நடக்காது என்பதையும் ரகசியமாக வைக்கக்கூடாது. பெண்ணின் அண்ணனையோ தம்பியையோ அழைப்பதா என்பது அவர் சொல்லவேண்டிய விஷயம். பல மாப்பிள்ளைகள் மரியாதைக்கு "கூப்பிடலாம்" என்பார்கள். ஆனால் மச்சினர் வந்துவிட்டால் பழைய கதைகள் எதையும் வாய்விட்டுப் பேச முடியாது, அவருக்கும் யாரையும் தெரியாமல் ஓர் ஓரத்தில் போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அவரைத் தனியாக ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பது இருவருக்கும் நல்லது. தோழிகள் இருந்தால் நீங்களே முடிவுசெய்யாமல் அவர்களிடமே கேளுங்கள். தனி அறையும் தனி பாத்ரூமும் உண்டு என்று தெரிந்தால் வரலாம், பகல் மட்டும் வந்துவிட்டுத் திரும்பலாம், வரமாட்டேன் என்றும் சொல்லலாம்.

நம் கூட்டத்தின் ஏழு பேரிடமும் கேட்டதில் வந்தவை இவை. ஒருவர் சைவம், அசைவம் சமைத்த பாத்திரத்தில் சாப்பிடமாட்டார். ஒருவர் இஸ்லாமியர், ஹலால் வேண்டும். மூன்று பேர் குடிப்பதில்லை. ஒருவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, மலை ஏறமுடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். ஒருவருக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். ஒருவருக்கு நீச்சல் தெரியாது, அதை இருபது வருட நட்பில் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி ஆள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல என்னைத் தூங்க விடணும், வேற ஒண்ணும் வேணாம்."

இந்தப் பட்டியலையும் 14,000 ரூபாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இடம் கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடுகிறது. கோவா இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும், தூரமும் அதிகம். புதுச்சேரி பக்கம்தான், ஆனால் புதுச்சேரி என்று சொன்ன உடனே ட்ரிப்பின் மையம் பாட்டிலாகிவிடுகிறது. குடிக்காத மூன்று பேருக்கு அங்கே இரவில் செய்ய வேலையில்லை. திரும்பும்போது பேக்கில் இரண்டு பாட்டில் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடியில் மாட்டி, கல்யாணத்துக்கு முந்தைய மாதம் மாப்பிள்ளையைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்த கதைகளும் உண்டு. இந்தக் கூட்டத்துக்கு நான் ஏலகிரியைச் சொல்வேன்.

ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊட்டியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று புங்கனூர் ஏரி, ஒரு பூங்கா, சுவாமிமலை உச்சி, அப்புறம் விரல் விட்டு எண்ணக்கூடிய இன்னும் சில. ஆனால் இந்த ட்ரிப்புக்கு அதுதான் வசதி. பார்த்தே தீரவேண்டிய இடங்கள் குறைவாக இருந்தால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். யாரும் வண்டி ஓட்டவேண்டியதில்லை, ஆகவே யார் குடிக்காமல் இருப்பது என்ற பேச்சும் எழாது.

எப்போது போவது? கல்யாணம் ஆவணியில் என்று வைத்துக்கொள்வோம். ட்ரிப் ஆடியில் விழும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே மற்ற கல்யாணங்களால் யாருக்கும் தடையில்லை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடவேண்டும், அன்று மலையில் விலை இரட்டிப்பாகும். ஆடியில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு வெளியூரில் தங்குவது, அசைவம் இரண்டும் ஆகாது. அதையும் தேதி குறிக்குமுன் கேட்டுவிடுவது நல்லது. கார்த்திகையில் என்றால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள்.

கல்யாணத்துக்கும் ட்ரிப்புக்கும் இடையே மூன்று வாரமாவது இருக்கட்டும். கடைசி வாரம் வைத்தால் மாப்பிள்ளை ஜவுளிக்கும் சமையல்காரருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பார், நலங்கு தொடங்கிவிட்டால் வீட்டில் வெளியூர் அனுப்பமாட்டார்கள். கணுக்கால் சுளுக்கு, தொண்டைக்கட்டு, முகம் கறுத்துப்போவது இவையெல்லாம் சரியாகவும் மூன்று வாரம் தாராளம்.

கிழமையில் ஒரு சூட்சுமம் உண்டு. சனிக்கிழமை இரவுதான் மலையில் அறைக்குக் கிராக்கி. ஞாயிறு மதியம் போய்த் திங்கள் மதியம் இறங்குவதாகச் சொன்னால் அதே வீட்டுக்காரர் கணிசமாகக் குறைப்பார், பேரமும் பேசலாம். விலை, திங்கள்கிழமை ஒருநாள் லீவு. அந்த லீவு எடுக்க முடியாதவர் இரண்டு மூன்று பேர் இருந்தால் சனிக்கிழமைக்கே போய், அறைக்குக் கூடுதலாகக் கொடுத்து, வேறெங்காவது பிடிக்க வேண்டியதுதான்.

தங்குமிடத்துக்குப் போன் செய்யும்போது முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். "நாங்க எட்டுப் பேர், எல்லாரும் ஜென்ட்ஸ், ஒருத்தருக்குக் கல்யாணம், அதுக்காக வர்றோம்." பேச்சிலர்ஸ் என்றால் தருவதில்லை என்று பல வீடுகளில் ஒரு விதி இருக்கிறது. ஆன்லைனில் முன்பணம் கட்டிவிட்டு வாசலில் போய் நிற்கும்போது அது தெரியவந்தால் பணமும் போகும், அந்த நாளும் போகும். சரி என்று சொன்னவரிடம் அடுத்து என்ன கேட்பது? எத்தனை அறை என்பதைவிட எத்தனை பாத்ரூம் என்பது முக்கியம். எட்டுப் பேருக்கு ஒரே பாத்ரூம் என்றால் காலை ஒன்பது வரை வரிசைதான். அதில் வெஸ்டர்ன் டாய்லெட் எது, அது கீழ்த்தளத்தில் இருக்கிறதா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? சமையலறையைத் தருவார்களா, முற்றத்தில் அடுப்பு மூட்டலாமா, அதற்குத் தனிக் கட்டணமா? 'கேம்ப் ஃபயர்' என்ற பெயரில் நாலு விறகுக்குப் பெரிய தொகை வாங்குகிற வழக்கம் எல்லா மலைகளிலும் இருக்கிறது. வீட்டுக்குள் குடிக்க அனுமதி உண்டா என்பதையும் நேரடியாகவே கேட்டுவிடலாம். பாட்டைப் பொறுத்தவரை, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது நாடு முழுக்க உள்ள சட்டம். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் மலையில் இரவில் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இனி பணத்தைப் பிரிப்போம். நான் சொல்பவை இந்தக் கூட்டத்துக்கான உத்தேசம், சீசனுக்கும் பேரத்துக்கும் ஏற்ப மாறும். 14,000-ல் ஆயிரத்தை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடவேண்டும், அவசரத்துக்கு. மீதி 13,000. ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை, போக வர எட்டுப் பேருக்கும் சேர்த்து 2,000-க்குள் அடங்கும். ஜோலார்பேட்டையிலிருந்து மலைக்கு ஏறவும் இறங்கவும் ஒரே வேனைப் பேசினால் 2,000 என்று வைப்போம். வீடு ஓர் இரவுக்கு 4,500. சாப்பாட்டுக்கு 4,500. அவ்வளவுதான். படகுச் சவாரி, நுழைவுச் சீட்டு, சிகரெட், பாட்டில் எதுவும் இதில் இல்லை. அவை அவரவர் சொந்தச் செலவு.

இந்தக் கோட்டைக் கறாராகப் போடுவதில்தான் பாதி நிம்மதி இருக்கிறது. குடிக்கிற நான்கு பேரின் செலவை எட்டாகப் பிரித்தால், குடிக்காதவர் வாய்திறந்து கேட்கமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். பொதுப் பணத்தில் சாப்பாடு, படுக்கை, பயணம் மூன்றும்தான். ஐயாயிரம் தரத் தயாராக இருந்த இரண்டு பேருக்கு மனசு கேட்கவில்லையென்றால் அவர்கள் ஒரு கிலோ இனிப்பு வாங்கி வரலாம், எல்லோருக்கும் படகுச் சீட்டு எடுக்கலாம். எடுத்தவர் பெயரைக் குழுவில் போட்டுப் பாராட்ட வேண்டாம். இரண்டாயிரம் தந்தவர் அதைப் படிக்கும்போது அவருக்கு வேறு மாதிரி கேட்கும்.

வேன் பேசும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் அது வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மலிவாகத் தருகிறார் என்று எடுத்துப்போனால், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிடும். ரயிலில் வேறொரு சின்னச் சிக்கல் உண்டு. இணையத்தில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் முன்பதிவு செய்யலாம். எட்டுப் பேருக்கு இரண்டு டிக்கெட் எடுக்கவேண்டும், அதை நான்கு நான்காகப் பிரியுங்கள். ஆறும் இரண்டுமாகப் பிரித்தால் அந்த இரண்டு பேர் வேறு பெட்டியில் போய் உட்கார நேரலாம். முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரலில் கிளம்பிக் காலையிலேயே ஜோலார்பேட்டையில் விட்டுவிடும். மறுநாள் மாலை அதே வண்டி பெங்களூரிலிருந்து திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுக்குமுன் ஆளுக்கு ஆயிரம் வாங்கிவிடவேண்டும். "அப்புறம் தர்றேன் மச்சி" என்பவரிடம் கோபம் வேண்டாம், ஆனால் அவர் பெயரில் டிக்கெட்டும் வேண்டாம். அப்போதே ஒரு விதியைக் குழுவில் எழுதிப் போடுங்கள்: பயணத்துக்குப் பத்து நாள் முன்புவரை விலகினால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பின் விலகினால் வீட்டுக்கும் வேனுக்குமான பங்கு திரும்பாது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று வந்தால் விதியைத் தளர்த்திக்கொள்ளலாம், அதற்குத்தான் அந்தத் தனி ஆயிரம்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பாரி, ஓரி, திருவள்ளுவர், பாரதியார் என்று பெயர்ப்பலகை உண்டு. வாந்தி வரும் நண்பரை ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, ரயிலில் வயிறு முட்டச் சாப்பிடவிடாமல், ஏறுவதற்கு அரைமணி முன்னால் மாத்திரையும் கொடுத்துவிட்டால் பதினான்கையும் அவர் தாண்டிவிடுவார். அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கேலி செய்துகொண்டே போனால் வேன்காரர் கழுவும் கூலி தனியாகக் கேட்பார்.

ஞாயிறு மதியச் சாப்பாடு மேலே ஏதாவது மெஸ்ஸில், ஆளுக்கு 120. சாயங்காலம் ஏரிக்கரையில் டீயும் மிளகாய் பஜ்ஜியும். படகில் ஏற விரும்புகிறவர்கள் ஏறட்டும், லைஃப் ஜாக்கெட்டோடு. நீச்சல் தெரியாத நண்பர் முட்டிவலி நண்பரோடு கரையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே எந்த நிகழ்ச்சி வைத்தாலும் கலந்துகொள்ளாமல் இருக்க ஒரு நல்ல காரணமும், உட்கார ஒரு நல்ல இடமும், கூட ஒரு ஆளும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். அருவி, தடுப்பணை, கிணறு என்று குளிக்கும் திட்டம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. தள்ளிவிட்டு விளையாடும் வயதில் இருக்கும் எட்டு ஆண்களும் ஆழம் தெரியாத தண்ணீரும் ஒன்றாகச் சேரவே கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ட்ரிப்பின் நடு அதுதான். வீட்டு முற்றத்தில் கரி அடுப்பு, மேலே கம்பி வலை. எட்டுப் பேரில் ஏழு அசைவத்துக்கு எலும்போடு இரண்டு கிலோ கோழித் தொடை, ஹலால் கடையில் வாங்கியது. இந்த வட்டாரத்தில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. கால் கிலோ தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை, உப்பு. கோழியைக் கீறி மதியமே பிசறி வைத்துவிட வேண்டும். கரி மூன்று கிலோ போதும். பற்றவைத்ததும் ஜ்வாலையில் கோழியைப் போடும் அவசரம்தான் எல்லோருக்கும் வரும், மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கரி முழுக்கச் சாம்பல் பூத்து ஜ்வாலை அடங்க அரைமணி ஆகும். அந்த அரைமணியில் சைவ நண்பருடையது முடிந்துவிடவேண்டும். புது வலை, இன்னும் அசைவம் படாதது. பன்னீர், குடைமிளகாய், சோளம் இவற்றை அவரே அதில் சுட்டு, தனித் தட்டில் எடுத்துக்கொள்வார். ஓரமாகச் சூடு இருந்தால் அவருக்கு அது போதும். அதற்குப் பிறகுதான் கோழி வலைக்கு வரும். வரிசை மாறினால் அவர் "பரவாயில்ல மச்சி, எனக்குப் பசியில்ல" என்பார், இரண்டு பிஸ்கட்டோடு படுத்துக்கொள்வார். கூடவே கடையில் வாங்கிய முப்பது பரோட்டாவும் வெங்காயமும் தயிரும். எல்லாம் சேர்த்து 1,400-ஐத் தாண்டாது. எட்டுப் பேரும் அடுப்பைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வேலை செய்வதால், ஆபீஸ் நண்பருக்கும் மாமா பையனுக்கும் "நீங்க என்ன பண்றீங்க" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்துவிடும். ஹோட்டல் மேசையில் அது நடக்காது, அவரவர் தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

குடிப்பவர்கள் சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ உட்காரட்டும். மாப்பிள்ளையை ஊற்றித்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்துவது, குடிக்காதவர் கோப்பையில் தெரியாமல் கலப்பது இரண்டும் நட்பை முறிக்கும் வேலைகள். குடித்துவிட்டு சிகரெட் வாங்க வண்டியெடுத்துக் கீழே போவதும் கூடாது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ட்ரிப்பின் மொத்தப் பணமே பதினாலாயிரம்தான்.

கேக் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கு முகத்தில் அப்பும் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொள்ளும். க்ரீம் கண்ணுக்குள் போய் எரிவதும், கேக்கில் செருகிய குச்சி குத்துவதும் நடக்கிற சமாச்சாரம். ஸ்ப்ரே நுரையில் எரியக்கூடிய வாயு இருக்கிறது, மெழுகுவத்திக்கும் கரி அடுப்புக்கும் பக்கத்தில் அடித்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். புருவம் மழிப்பது, தலையில் சாயம் அடிப்பது போன்ற வீரங்கள் மூன்று வாரத்தில் ஆல்பத்தில் நிரந்தரமாகப் பதியும். சிரிக்க வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது. ஒவ்வொருவரும் மாப்பிள்ளையோடு எடுத்த மிகப் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்கான கதையைச் சொல்லவேண்டும். பள்ளி நண்பனுக்குத் தெரிந்த மாப்பிள்ளையும் ஆபீஸ் நண்பனுக்குத் தெரிந்த மாப்பிள்ளையும் வேறு வேறு ஆட்கள் என்பது தெரியவரும்போது வரும் சிரிப்பு தனி. பழைய காதல் கதைகளைத் தொடக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும்.

படங்களைப் பொறுத்தவரை, மாப்பிள்ளை பார்த்துச் சரி சொல்லும் வரை யாரும் ஸ்டேட்டஸில் எதுவும் போடுவதில்லை என்று மலை ஏறுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும். கோப்பை தெரியும் படம் எதுவும் கூடாது. நம் போன்களில் நண்பனும் மேலதிகாரியும் பெண்ணின் சித்தப்பாவும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு இந்த ட்ரிப் பற்றி மாப்பிள்ளையே சொல்லியிருக்க வேண்டும், வேறொருவர் ஸ்டேட்டஸைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ராத்திரி அவர் போன் செய்தால் பின்னாலிருந்து கத்தாமல் பத்து நிமிடம் மாப்பிள்ளையைத் தனியே விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தூங்கவேண்டும் என்ற நண்பருக்கு உள்ளறை. குறட்டை விடுபவர்கள் எல்லோரும் கூடத்தில். திங்கள் காலை ஆறு மணிக்கு, ஏறக்கூடியவர்கள் சுவாமிமலைக்குப் போகலாம். 2018-ல் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்தில் வனத்துறை கறாராக இருக்கிறது. அனுமதியும் கட்டணமும் என்ன என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், மழை பெய்திருந்தால் விட்டுவிடவேண்டும். போகாதவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். பதினொன்றுக்கு வீட்டைக் காலி செய்து இறங்கினால் கீழே மதியச் சாப்பாடு. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் ஜோலார்பேட்டையிலும் கிடைக்கும். ஆளுக்கு 150 வைத்தால் சாப்பாட்டுக் கணக்கு 4,500-க்குள் நின்றுவிடும். சைவ நண்பருக்கு மீல்ஸ் கிடைக்கும் கடை எது என்பதை ஏறும்போதே பார்த்துவைத்திருப்பீர்கள்.

ஏழு பேரில் ஒருவர் இரண்டாயிரத்துக்குப் பதில் ஐந்நூறு என்று சொல்லியிருந்தால்? அப்போது ஏலகிரி கிடையாது. ஒரு ஞாயிறு காலை கிரிக்கெட் டர்ஃப் இரண்டு மணி நேரம் எடுங்கள், முடிந்ததும் யாருடைய வீட்டு மாடியிலாவது ஒரு சாப்பாடு. முட்டிவலிக்காரர் அம்பயர். இரவு தங்குவதில்லை, லீவு வேண்டாம், ஐந்நூறில் பத்துப் பேர் தாராளமாக முடிக்கலாம். இதை மலிவான மாற்று என்று நான் நினைக்கவில்லை. சின்னக் குழந்தை இருக்கும் நண்பர்கள் நிறைய உள்ள கூட்டத்துக்கு இதையே முதலில் சொல்வேன்.

திரும்பி வந்த இரண்டு நாளைக்குள் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். ரசீது இல்லாத செலவையும் இன்னது என்று எழுதவேண்டும். தனியாக வைத்த ஆயிரத்தில் முந்நூறு செலவாகியிருந்தால் மீதி எழுநூறை ஏழால் வகுத்து ஆளுக்கு நூறு அனுப்பிவிடுங்கள். "கல்யாணப் பரிசுக்கு வெச்சுக்கலாம்டா" என்று யாராவது சொல்வார்கள். அனுப்பிவிட்டே பரிசுக்குப் புதிதாகக் கேளுங்கள். அதற்கும் தனித்தனியாகத்தான்.